கண்டக்டர் மகளின் கதை 12.45-க்கு முடியட்டும்

கேள்வி: ஐயா, ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நான் எழுதிய சிறுகதை இரண்டு பத்திரிகைகளில் இருந்து திரும்பி வந்துவிட்டது. விருத்தாசலம் பக்கம் ஒரு கண்டக்டரின் மகள் தேன்மொழி. இன்ஜினீயரிங் முடித்துவிட்டு ஐந்து வருடம் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். வயது வரம்பு முடிவதால் இதுதான் கடைசி வாய்ப்பு. அப்பா ஓய்வு பெறும் நாளன்றே ரிசல்ட் வருகிறது, அவள் பாஸ். அப்பா கடைசி முறையாக விசில் ஊதிவிட்டு அழுகிறார். படித்த தோழிகள் “நல்லாயிருக்கு, ஆனா நம்ப முடியல” என்கிறார்கள். எனக்குத் தேர்வு எழுதிய அனுபவமும் கிடையாது, பஸ் டிப்போவும் தெரியாது. எங்கே தப்பு? கதையை எங்கே தொடங்கி எங்கே முடிக்கலாம்?
— ஒரு வாசகி, ஓசூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தோழிகள் சொன்னது சரி. உங்கள் மொழி நன்றாகவே ஓடுகிறது, குறை அதில் இல்லை. கதை நடக்க வேண்டிய நாளை விட்டுவிட்டு வேறொரு நாளில் கதையை வைத்திருக்கிறீர்கள். ரிசல்ட் நாளில் தேன்மொழி செய்வதற்கு எதுவுமே இல்லை. போனில் பதிவெண்ணைத் தட்டுவாள், திரையைப் பார்ப்பாள், அவ்வளவுதான். தேர்வு நாளில் அவள் கையில் மூன்றேகால் மணி நேரம் இருக்கிறது. நான் பள்ளி ஆசிரியராக இருந்தபோது இந்தத் தேர்வுகளுக்கு அறைக் கண்காணிப்பாளராகப் போனதுண்டு. கதைகளைப் படித்துத் திருத்துவது ஓய்வுக்குப் பிறகான வேலை. அந்த இரண்டு அனுபவத்தையும் சேர்த்துவைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் தேதி. உங்கள் கதையில் வருடமே இல்லை. தேன்மொழி 2017-ல் பட்டம் வாங்கியதாக வையுங்கள். 2018 பிப்ரவரி 11 அன்று ஒரு குரூப் 4 தேர்வு நடந்தது. அடுத்தது 2019 செப்டம்பர் 1. அதற்கடுத்தது 2022 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து வருடத்தில் மூன்றே தேர்வு. நடுவில் கொரோனா, ஏறக்குறைய மூன்று வருட வெறுமை. “ஐந்து வருடம் படித்தாள்” என்று நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போகும் காலம் இந்த இடைவெளிதான். அறிவிப்பு இல்லாத வருடத்தில் ஒருத்தி எதற்காகப் படிக்கிறாள், வீட்டில் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்கிறாள் என்று ஒரு பத்தியாவது இருந்தால் வாசகருக்கு அவள்மேல் நம்பிக்கை வந்துவிடும்.

அந்த இடைவெளியில் தேர்வே மாறிப்போனதும் உங்களுக்கு உதவும். 2019 வரை 200 கேள்விகளில் முதல் 100 பொதுத் தமிழா பொது ஆங்கிலமா என்று தேர்வர் முடிவு செய்துகொள்ளலாம். 2021 டிசம்பரில் வந்த அரசாணைக்குப் பிறகு தமிழ்த்தாள் கட்டாயம். அதில் 40 விழுக்காடு, அதாவது 150-க்கு 60, எடுத்தால்தான் மற்ற பகுதியையே திருத்துவார்கள். தேன்மொழி இன்ஜினீயரிங் படித்தவள் என்கிறீர்கள். 2018-லும் 2019-லும் ஆங்கிலம் எடுத்து எழுதியவளாக அவளை வையுங்கள். அப்படியானால் 2022-ல் அவள் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனின் சமச்சீர்ப் புத்தகத்தை இரவல் வாங்கிப் பிரித்தெழுதுகவும் சேர்த்தெழுதுகவும் படிக்கும் 26 வயதுப் பெண். படிக்கிறாள் என்று சொல்லாமல் காட்டுவதற்கு அது போதும்.

இரண்டாவது, வயது. இங்கேதான் கதை உண்மையிலேயே தவறுகிறது, தேர்வு எழுதியவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினர் குறைந்தபட்சத் தகுதியான பத்தாம் வகுப்பைவிடக் கூடுதலாகப் படித்திருந்தால், இளநிலை உதவியாளர் போன்ற பதவிகளுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. தேன்மொழி பட்டதாரி. அவள் அந்தப் பிரிவுகளில் வருகிறவள் என்றால் 26-லும் எழுதலாம், 40-லும் எழுதலாம். “கடைசி வாய்ப்பு” என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கதைக்குக் கிடைத்த வரவு இது. கதவைச் சட்டம் சாத்திவிட்டால் அழுதுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடலாம். சாத்தவே இல்லை என்றால்? போதும் என்று யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அம்மா சொல்ல மாட்டாள். அப்பாவுக்குச் சொல்ல மனம் வராது. மாப்பிள்ளை வீட்டார் வந்து போகும்போது சித்தி சாடையாகச் சொல்வாள். தேன்மொழியே சொல்லிக்கொண்டால் ஐந்து வருடமும் வீண் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. இத்தனை பேர் ஒரு வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்திருக்கும் வீட்டில் கதை தானாக நடக்கும். ஆகவே வயது வரம்பை எடுத்துவிடுங்கள்.

“பாஸ்” என்பதையும் எடுங்கள். 300-க்கு 90 எடுத்தால் குறைந்தபட்ச மதிப்பெண் வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு யாருக்கும் வேலை வருவதில்லை, எல்லாம் தரவரிசைதான். 2022-ல் 18 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். அறிவிப்பில் இருந்த இடங்கள் 7,301, பிறகு பத்தாயிரத்தைத் தாண்டியது. ரிசல்ட் வந்தது 2023 மார்ச் 24. எழுதிய நாளிலிருந்து எட்டு மாதம். அதற்குமேல் சான்றிதழ் பதிவேற்றம், சரிபார்ப்பு, சென்னையில் கலந்தாய்வு என்று அது போய்க்கொண்டே இருக்கும். குரூப் 4-க்கு நேர்முகத் தேர்வு இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அந்தத் தப்பையும் பல கதைகளில் பார்க்கிறேன். இன்னொன்று, போக்குவரத்துக் கழகத்தில் ஓய்வு என்பது மாதத்தின் கடைசி நாளில் வருவது. 24-ஆம் தேதி யாரும் ஓய்வு பெறுவதில்லை. உங்கள் முடிவுக் காட்சி அங்கேயே விழுந்துவிடுகிறது.

இனி அப்பா. உங்கள் கதையில் அவர் விசில் ஊதுகிறார், “ரைட் ரைட்” என்கிறார், மகளை நினைத்துப் பெருமைப்படுகிறார். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் பயணிக்குத் தெரிகிற கண்டக்டர் அவர். வீட்டுக்குத் தெரிந்த கண்டக்டர் வேறு. அவருடைய நாள் முழுக்க ஒரு காகிதத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது. அதற்கு வே-பில் என்று பெயர். டூட்டி ஏறும்போது தன் சட்டைப்பையில் உள்ள சொந்தப் பணம் எவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். எந்தக் கட்டில் எந்த எண்ணிலிருந்து சீட்டு தொடங்குகிறது என்று எழுத வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஜ் தாண்டும்போதும் கடைசியாகக் கிழித்த சீட்டின் எண்ணைக் குறிக்க வேண்டும். நடுவழியில் செக்கிங் ஏறினால் முதலில் கையை நீட்டிக் கேட்பது அதைத்தான். கிழித்த சீட்டுக்கும் பையில் உள்ள பணத்துக்கும் கணக்கு ஒத்துப்போக வேண்டும். இரவு டிப்போவில் பணம் கட்டும்போது குறைந்தால் கைக்காசைப் போட வேண்டும். கூடுதலாக இருந்தாலும் ஆபத்துதான், சீட்டுக் கொடுக்காமல் காசு வாங்கினாயா என்று கேள்வி வரும். குறையவும் கூடாது, கூடவும் கூடாது என்று முப்பது வருடம் எண்ணிக்கொண்டே இருந்த மனிதர் வீட்டில் எப்படி இருப்பார்? கடைக்கு அனுப்பினால் சில்லறையை எண்ணி வாங்குவார். மகள் மாதிரித் தேர்வு எழுதிவிட்டு “நூத்தி எழுபது சரியாயிருக்கும்பா” என்றால், “மீதி முப்பது எங்க போச்சு?” என்பார். கோபத்தில் கேட்பதில்லை, பழக்கம் அது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் வெளியாட்களுக்குத் தெரியாது. கண்டக்டரை ஊரில் எல்லாரும் அரசு வேலைக்காரர் என்பார்கள். சட்டப்படி அவர் போக்குவரத்துக் கழகத்தின் ஊழியர். கழகம் என்பது அரசுக்குச் சொந்தமான கம்பெனி. சம்பளம் தொழிற்சங்கங்களோடு போடும் ஊதிய ஒப்பந்தப்படி. அந்த வித்தியாசம் அவருக்கு நன்றாகத் தெரியும். “நான் கார்ப்பரேஷன்மா. நீ கவர்மென்டு ஆகணும்” என்று அவர் ஒரே ஒரு முறை சொல்லட்டும். மகள் தாலுகா ஆபீசில் உட்கார வேண்டும் என்று அவர் ஏன் இவ்வளவு ஆசைப்படுகிறார் என்பதற்கு நீங்கள் எழுதியிருக்கும் ஒன்றரைப் பக்க நினைவோட்டம் அதன்பிறகு தேவைப்படாது.

இந்த இரண்டு பேரையும் சேர்க்கும் இடத்துக்கு வருகிறேன். உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்ததே இதுதான்.

2019 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் தரவரிசையின் உச்சியில் குவிந்து கிடந்தார்கள். விசாரணையில், சிறிது நேரத்தில் மறைந்துபோகும் மையால் விடைகளைக் குறித்ததும், பிறகு வேறு ஆட்கள் விடைத்தாளில் சரியான வட்டங்களை நிரப்பியதும் வெளியே வந்தது. 99 பேருக்கு வாழ்நாள் தடை. அதற்குப் பிறகு தேர்வாணையம் விடைத்தாளையே மாற்றியது. ஏ, பி, சி, டி-யோடு ‘இ’ என்று ஐந்தாவது வட்டம் வந்தது. விடை தெரியாவிட்டால் அதை நிரப்ப வேண்டும். எந்த வரியும் காலியாக இருக்கக் கூடாது, காலியாக இருந்தால்தானே பின்னால் யாராவது நிரப்ப முடியும்? அதோடு, 12.30-க்குத் தேர்வு முடிந்ததும் இன்னொரு கால் மணி நேரம் தருவார்கள். ஏ எத்தனை, பி எத்தனை, சி எத்தனை, டி எத்தனை, இ எத்தனை என்று எண்ணி அதற்கான கட்டங்களில் எழுத வேண்டும். ஐந்தையும் கூட்டினால் 200 வர வேண்டும். பிசகினால் மதிப்பெண் கழிவு உண்டு. கையெழுத்தும் இடது பெருவிரல் ரேகையும் வைத்த பிறகே வெளியே விடுவார்கள்.

இப்போது பாருங்கள். அப்பா ஒவ்வொரு இரவும் டிப்போவில் செய்யும் கணக்கை அன்றைக்கு மகள் தேர்வறையில் செய்கிறாள். இந்த ஒற்றுமையை நீங்கள் கதையில் எங்கும் சொல்லக் கூடாது, வாசகர் தானே பார்த்துக்கொள்வார். அந்தக் கால் மணி நேரத்தை எழுதினால் போதும்.

கண்காணிப்பாளராக நின்று பார்த்தால் மூன்று மணி நேரத்தில் அறை எப்போதும் அமைதிதான், ஆனால் 12.30-க்குப் பிறகு வேறு மாதிரி அமைதி. உதடுகள் அசையும். பேனா நுனி காகிதத்தைத் தொடாமல் வரிவரியாக இறங்கும். பாதியில் எண்ணிக்கை தப்பி மறுபடி மேலே போவார்கள். கணக்கில் புலியாக இருப்பவர்கள்கூட அங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன், இருநூறு வட்டத்தை ஐந்து வகையாகப் பிரித்து எண்ணிப் பார்த்தால் தெரியும்.

தேன்மொழி எண்ணுகிறாள். ஏ 46. பி 52. சி 51. டி 47. இ 3. கூட்டினால் 199. மறுபடி எண்ணுகிறாள், மறுபடியும் 199. ஒன்று எங்கே? பிறகு நினைவு வருகிறது. கணக்குப் பகுதியில் கூட்டுவட்டிக் கணக்கு ஒன்றைப் பிறகு பார்க்கலாம் என்று தாண்டிப் போனாள், திரும்ப வரவில்லை. அந்த வரி வெறுமையாக இருக்கிறது. மணி 12.38. பேனா கையில். விடையும் இப்போது தெரிகிறது என்றே வையுங்கள். தவறான விடைக்கு இந்தத் தேர்வில் மைனஸ் இல்லை, சரியாக இருந்தால் ஒன்றரை மதிப்பெண். தரவரிசையில் ஒன்றரை மதிப்பெண் என்பது ஆயிரக்கணக்கான பேரைத் தாண்டும் தூரம். ஆனால் இந்தக் கால் மணி நேரம் எண்ணுவதற்கு மட்டும்தான், வட்டம் நிரப்புவதற்கு இல்லை. கண்காணிப்பாளர் கதவுப் பக்கம் நிற்கிறார்.

அவள் என்ன செய்வாள்? வட்டத்தை நிரப்பிவிட்டு 200 என்று கணக்கைச் சரிக்கட்டலாம். வட்டத்தைத் தொடாமல் ஏதோ ஒரு கட்டத்தில் ஒன்றைக் கூட்டி எழுதலாம். அல்லது உள்ளபடி 46, 52, 51, 47, 3 என்று எழுதிக் குறையைக் குறையாகவே ஒப்புக்கொள்ளலாம். மூன்றில் எதை எழுதினாலும் அது கதைதான். எனக்குக் கேட்டால் மூன்றாவதைச் சொல்வேன். அவள் நல்லவள் என்று காட்டுவதற்காக இல்லை. கை அப்படித்தான் பழகியிருக்கிறது, குறைந்தால் குறைந்தது என்று எழுதிக் கைக்காசைப் போடுகிற வீட்டில் வளர்ந்தவள். நீங்கள் முதலாவதை எழுதினால் அது இன்னும் கூர்மையான கதையாகக்கூட வரலாம். அப்போது அவள் வெளியே வந்து அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டாவது மட்டும் வேண்டாம், அதில் அவளுக்கு லாபமும் இல்லை, வாசகருக்குக் காரணமும் பிடிபடாது.

இது வேலை செய்ய வேண்டுமானால் அப்பாவின் கணக்கைக் கதையின் தொடக்கத்திலேயே வாசகர் கண்ணில் காட்டியிருக்க வேண்டும். அதற்கும் அன்று காலையே வழி இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் சீட்டு உண்டு. கட்டணமில்லாச் சீட்டைக் கண்டக்டர் கிழித்துக் கொடுத்தே ஆக வேண்டும், அதற்கும் வே-பில்லில் கணக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு டூட்டி. மையம் விருத்தாசலத்தில், 9 மணிக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். அவள் அப்பாவின் வண்டியிலேயே போகிறாள். நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன்:

அவள் கையை நீட்டவில்லை. அப்பா ஒரு சீட்டைக் கிழித்து ஹால் டிக்கெட் கவருக்குள் செருகினார்.

“எனக்கு எதுக்குப்பா? காசா பணமா.”

“செக்கிங் ஏறுனா உன்னைக் கேக்க மாட்டான், என்னைத்தான் கேப்பான். வச்சிக்க.”

அடுத்த ஸ்டேஜில் ஏறிய பாட்டிக்கும் கிழித்தார். வே-பில்லை முழங்கையில் வைத்து எண்ணைக் குறித்தார். தேர்வைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இவ்வளவு போதும். “நல்லா எழுதும்மா” என்று அவர் சொல்வதாக உங்கள் கதையில் இருப்பதை நீக்கிவிடுங்கள். கூட்டமாக இருக்கும் வண்டியில் டூட்டியில் உள்ள கண்டக்டருக்கு அதைச் சொல்ல நேரம் கிடையாது. அவளுக்காக வண்டியை இரண்டு நிமிடம் நிறுத்திவைக்கிறார் என்ற காட்சியும் வேண்டாம். டைம் கீப்பரிடம் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

தேர்வறைக்குள் நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு திருத்தம். அவள் நீல மைப் பேனாவால் எழுதுகிறாள். கறுப்பு மைப் பந்துமுனைப் பேனா தவிர வேறு எதுவும் கூடாது. பதினொன்றரைக்கே முடித்துவிட்டு வெளியே வந்து மரத்தடியில் உட்கார்கிறாள் என்றும் இருக்கிறது. முடித்தாலும் முடிக்காவிட்டாலும் கடைசிவரை அறையில்தான் இருக்க வேண்டும். அந்தக் கட்டாயம் உங்களுக்கு நல்லது, பாத்திரத்தை ஒரு பெஞ்சில் கட்டிப்போட்ட மாதிரி. ஒரு அறையில் 20 பேர் இருப்பார்கள். அதில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையை வெளியே மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்த பெண் எல்லா மையத்திலும் ஒருத்தியாவது இருப்பாள். அவளும் எண்ணிக்கொண்டிருப்பாள். 20 பேரையும் வர்ணிக்கத் தொடங்கினால் கதை கட்டுரையாகிவிடும்.

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று பக்கம் அவள் சாமி கும்பிடுகிறாள். முதல்நாள் இரவு பேனா நான்கு வாங்கி வைத்திருக்கிறாள் என்று ஒரு வரியில் முடித்துவிடுங்கள்.

ஆக, தொடக்கம் பஸ்ஸில், காலை ஏழரை மணிக்கு. நடுவில் தேர்வறை. 2018, 2019, கொரோனா, ஆறாம் வகுப்புத் தமிழ் எல்லாம் அவள் கேள்விகளைப் புரட்டும்போது இடையிடையே வரட்டும், தனியாக முன்கதை வேண்டாம். முடிவு 12.45-க்கு, ஐந்து கட்டங்களையும் அவள் நிரப்பி முடித்த இடத்தில். அவளுக்கு வேலை கிடைத்ததா என்பதைச் சொல்லாதீர்கள், எட்டு மாதம் கழித்து வரும் செய்தி அது. இப்போது பதினான்கு பக்கம் இருக்கிறது, எட்டில் அடங்கும். எழுதி முடித்ததும் தபாலில் போடுவதற்கு முன்னால் குரூப் 4 எழுதிய ஒருவரிடமும் கண்டக்டர் ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள். ஓசூர் பஸ் ஸ்டாண்டிலேயே வண்டி புறப்படக் காத்திருக்கும் கண்டக்டர்கள் கிடைப்பார்கள். வே-பில்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டுவார்கள். திரும்ப எழுதியதை எனக்கும் அனுப்புங்கள், அந்த ஐந்து எண்களையும் நானே ஒருமுறை கூட்டிப் பார்க்கிறேன்.